தூபத் தலைவிக்கு ஒரு படிக்கட்டு

“சாய்லியென்! ஆமைக் கொழுக்கட்டைக் கடை சாய்லியென்!”

ஒலிபெருக்கியில் பேர் வந்ததும் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடுகிறவர்கள் தலைமட்டத்தில் தேடுவார்கள். கீழே பார்க்க யாருக்கும் தோன்றாது.

“இங்கேதான் இருக்கேன், கட்டையைப் போடுங்க!” என்று என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அன்று எங்கள் நிலத்தாத்தாவின் பிறந்தநாள். தெருவைக் காக்கிற சாமி அவர். வெள்ளைத் தாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வரப்போகிற வருஷத்துக்குப் பூஜைகளை முன்னின்று நடத்தும் தூபத் தலைவர் யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். கோயில் வரி கொடுத்த ஒவ்வொருவர் பேரையும் கூப்பிட்டு, சாமிக்கு முன்னால் இரண்டு பிறைக்கட்டைகளைப் போடுவார்கள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் சம்மதம். சம்மதம் விழ விழத் திரும்பத் திரும்பப் போடுவார்கள்; தவறினால் அடுத்த பேர். யாருக்குத் தொடர்ந்து அதிகம் விழுகிறதோ அவர்தான் தலைவர்.

அதுவரைக்கும் முன்னால் இருந்தவர் பன்றிக்கறிக்கடை ஹுங். ஏற்கெனவே விருந்துக்குச் சமையல்காரரைப் பேசிவிட்டதாகத் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டை விழுந்தது. சம்மதம். மறுபடி சம்மதம். மறுபடியும்.

“அடடே” என்றார் ஒருவர்.

“ஹுங் அண்ணே, சமையல்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க” என்றேன் நான்.

“சும்மா இருங்க, கடலைக்கஞ்சியம்மா!” நான் கடலைக்கஞ்சிக் கடை வைத்திருக்கிறேன், தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

ஹுங்கைத் தாண்டியும் ஒன்று விழுந்தது. கூட்டம் ஓ என்று கத்தியது. யாரோ அவசரப்பட்டு வெளியே பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள். சாய்லியென் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நாற்பத்தாறு வயது அவளுக்கு. அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் டிங் சிவப்புப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நேராக அவள் தம்பி ஜியாரோங்கின் தோளில் அதைப் போடப் போனார்.

“வாழ்த்துகள்ப்பா! நிலாப் பண்டிகையன்னிக்கு முதல் ஊதுபத்தி உங்க வீட்டோடது. காலையில சீக்கிரமே குளிச்சிட்டு வந்துடு.”

“மாமா” என்றாள் சாய்லியென்.

“சொல்லும்மா.”

“சாமி யார் பேரைச் சொன்னாரு?”

“உன் பேரைத்தான்.”

“அப்ப யார்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கீங்க?”

டிங் நல்ல மனுஷர். முகம் சிவந்துபோனது. பட்டையை அவள் தோளில் போட்டார். அது தரையில் புரண்டது. அவளே இரண்டாக மடித்துக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

“அதில்லைம்மா, தப்பா நினைக்காதே. தூபச்சட்டி…” என்று கையைக் காட்டினார்.

எல்லோரும் தூபச்சட்டியைப் பார்த்தோம். முன்பெல்லாம் சின்னக் கல் தொட்டிதான் இருந்தது. கோயிலைப் புதுப்பித்தபோது, பக்கத்துத் தெருக் கோயிலை விடப் பெரிதாக வேண்டும் என்று மூன்று கால் வெண்கலச் சட்டி வாங்கிப் பீடத்தின் மேல் வைத்தார்கள். அதன் விளிம்பு எனக்கு மார்புக்கு வரும். சாய்லியெனுக்கு நெற்றிக்கு மேலே. தூபத் தலைவர் முதல் மூன்று பத்திகளைச் சட்டியின் நட்ட நடுவில், சாம்பலில் நிமிர்த்திச் செருக வேண்டும். ஓரத்தில் செருகுவது முறையில்லை.

இத்தனை வருஷமாக அவள் பத்தியை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவாள். அவர்கள் செருகுவார்கள். சில பேர் அவள் நீட்டும் முன்பே கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு தடவை மேலேயிருந்து எரிகிற சாம்பல் விழுந்து அவள் முன்நெற்றி முடி பொசுங்கியது.

“தம்பி செருகட்டும், நீ பக்கத்துல நில்லு. புண்ணியம் உனக்குத்தான்” என்றார் டிங்.

“புண்ணியத்துக்காக இல்ல மாமா. என் கையால செருகணும்.”

“தூக்கிப் பிடிக்கட்டுமா? ஹுங் பலசாலிதான்.”

“ஹுங் அண்ணன் தலைவரானா அவரை யார் தூக்குவாங்க?”

கூட்டம் சிரித்தது. ஹுங்கும் சிரித்தார், வயிற்றைத் தடவிக்கொண்டே.

டிங் தலையைச் சொறிந்தார். “சட்டியை நகர்த்தவோ இறக்கவோ கூடாது. அது முடியாது. ஆனா வேற ஏதாவது வழி பண்ணலாம். நிலாப் பண்டிகைக்குள்ள பத்திரமா ஏறிச் செருக வழி கிடைச்சா நீயே பண்ணு. கிடைக்கலேன்னா தம்பி. சரியா?”

“சரி” என்றாள்.

*

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் எலும்பு வளர்ந்த விதம் அப்படி. உடம்பு எல்லோரையும் போலத்தான். மேல்கையும் தொடையும் மட்டும் குட்டை. முழங்கை முழுசாக நீளாது. அம்மா அப்பா இரண்டு பேரும் சாதாரண உயரம். தம்பி நெடுநெடு என்று இருப்பான். கருவிலேயே தானாக ஏற்பட்ட ஒரு மாற்றம் என்று டாக்டர் சொன்னாராம்.

அவள் கடைக்குள் போனால் அவள் உயரம் யாருக்கும் ஞாபகம் வராது. கல்லாவுக்குப் பின்னால் நீளத்துக்கு மேடை போட்டிருக்கிறாள். அதில் நடந்துகொண்டேதான் மாவு பிசைவாள், ஆமை அச்சில் அழுத்துவாள், ஆவியில் வைப்பாள். விளக்கு சுவிட்சு, அடுப்பு வால்வு எல்லாம் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில். வாங்க வருபவர்கள் அவளோடு கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவார்கள். எப்போதாவது தைநான் நகரத்திலிருந்து வருகிற புது ஆள், அவள் மேடையிலிருந்து இறங்கி நிற்கிற நேரம் பார்த்து வந்துவிடுவார்.

“பாப்பா, அம்மா இல்லையா?”

“இருக்காங்க. எண்பது வயசாச்சு, மத்தியானம் தூங்குவாங்க. எழுப்பணுமா, இல்ல ஆமைக் கொழுக்கட்டை நானே தரட்டுமா?”

அந்த ஆள் அதற்குப் பிறகு தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டு போவார்.

வெளியேதான் சிக்கல். பைக்குள் மடக்கு ஸ்டூல் ஒன்று எப்போதும் இருக்கும். பணம் எடுக்கிற மெஷினில் கீழேயிருந்து பார்த்தால் திரை பளபளக்கும், எழுத்து தெரியாது. லிஃப்டில் மேல்மாடிப் பொத்தானைக் குடையின் நுனியால் அமுக்குவாள். பொதுக் கழிவறைத் தாழ்ப்பாள் எட்டாது. வாசலில் என்னை நிறுத்திவிட்டுப் போவாள். தபால் ஆபீசில் கவுன்டர் உயரம். அங்கே இப்போது வந்திருக்கிற பெண் நல்ல பெண். சாய்லியென் உள்ளே நுழைந்ததும் எழுந்து வெளியே வந்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுப்பாள். “உதவி வேணுமா?” என்று கேட்பாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு ஓசியில் கொழுக்கட்டை போகும்.

அன்று சாயங்காலம் ஜியாரோங் கடைக்குள் வந்து நின்றான். நான் என் கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பி வாங்கப் போயிருந்தேன்.

“அக்கா, எதுக்கு உன் பேர்ல வரி கட்டின? எப்பவும் என் பேர்லதானே கட்டுவோம்?”

“கடை என் பேர்ல இருக்கு. ரொம்ப நாளா தோணிக்கிட்டே இருந்துச்சு, இந்த வருஷம் கட்டிட்டேன்.”

“பண்டிகையன்னிக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு தெரியுமா? இடிச்சுத் தள்ளுவாங்க. மேல ஏறி நிக்கிறப்ப விழுந்துட்டா? உனக்கு முதுகு வேற சரியில்ல.”

அது நிஜம். முதுகெலும்புக்குள் இடம் குறுகல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரொம்ப நேரம் நின்றால் கால் மரத்துப் போகும். குந்தி உட்கார்ந்து எழுந்தால் சரியாகும்.

“விழாம ஏற வழி பண்ணணும். அதுதானே பேச்சு?” என்றாள்.

“நான் செருகினா என்ன குறைஞ்சிடும்?”

“எனக்குக் குறைஞ்சிடும்” என்றாள். மாவை அச்சில் போட்டு ஓங்கித் தட்டினாள். ஆமை ஒன்று முதுகுக் கோடுகளோடு கீழே விழுந்தது.

அவன் என்னைப் பார்த்தான். “நீங்களாவது சொல்லுங்க அத்தை.”

“நான் கிண்ணத்துக்கு வந்தேன்ப்பா” என்றேன்.

*

நிலாப் பண்டிகை வருகிற எட்டாம் மாதம் நெருங்கியபோது கமிட்டி அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தது. மனசு நல்ல மனசுதான். அதனால்தான் தப்பும் பெரிதாக வந்தது.

ஒரு நாள் காலையில் டிங் என் கடைக்கு வந்து, “கடலைக்கஞ்சியம்மா, சாய்லியெனைக் கூட்டிக்கிட்டு வாங்க. கண்ணை மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

“அவ கண்ணை மூடினா ஸ்கூட்டர்ல அடிபடுவா. திறந்துக்கிட்டே வருவா.”

போனோம். தூபச்சட்டிக்கு முன்னால் செக்கச்செவேல் என்று ஒரு மேடை. இரண்டு படி. பக்கமெல்லாம் தங்க நிறத்தில் மேகம் செதுக்கியிருந்தது. தச்சர் ஆ-கூன் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே விருந்து மேஜையருகில் இன்னொரு அதிசயம்: தலைவி உட்கார ஒரு குட்டி நாற்காலி, அதற்கு ஏற்ற குட்டி மேஜை. பாலர் பள்ளியில் இருக்குமே, அந்த மாதிரி.

“எப்படி?” என்றார் டிங்.

சாய்லியென் எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். “அழகா இருக்கு” என்றாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா ஆச்சரியமா இருக்காதேம்மா!”

முதலில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டி மார்பில் இடித்தது. மேஜை வயிற்றுக்குக் கீழே இருந்தது. சோற்றுக் கிண்ணத்தை எடுக்கக் குனிய வேண்டியிருந்தது.

ஆ-கூன் குழம்பினார். “சின்னதாத்தானே பண்ணேன்?”

“மாமா, இங்க வந்து உட்காருங்க” என்று டிங்கைக் கோயிலுக்கு எதிரே இருக்கும் என் கடை பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்தார். அவளும் ஸ்டூலில் கால் வைத்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆ-கூன் அண்ணே, எங்க ரெண்டு பேர் தலையையும் பாருங்க.”

பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

“அட!” என்றார் ஆ-கூன்.

“எனக்கு உடம்பு உங்க அளவுதான் அண்ணே. காலும் கையும்தான் குட்டை. உட்கார்ந்துட்டா எல்லாரும் ஒண்ணு. எனக்கு எல்லாரோட மேஜையும் போதும். கால் அந்தரத்துல தொங்காம இருக்கக் கீழே ஒரு பலகை வேணும். தொங்கினா மரத்துப் போகும், முதுகு வலிக்கும். அவ்வளவுதான்.”

டிங் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “இத்தனை வருஷமா ஒரே விருந்துல சாப்பிடறோம், எனக்குத் தெரியலையே.”

“நான் எப்பவும் குழந்தைங்க மேஜையில இருந்தேன் மாமா. அங்கதானே உட்கார வைப்பீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். “நூடுல்ஸ் அங்கதான் முதல்ல வரும். எனக்கு நஷ்டமில்ல.”

அப்புறம் மேடைக்குப் போனாள். முதல் படி அவள் முட்டிக்கு வந்தது. கையில் பற்ற ஒன்றுமில்லை. பத்தி இல்லாமலே ஏறிப் பார்த்தாள். முன்னால் குனிந்து, கையை ஊன்றி, இடுப்பைத் திருப்பி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மேலே போய் நின்று கையை நீட்டினாள். விளிம்பைத் தொட்டது. நடுவுக்கு எட்டவில்லை. இன்னும் எக்கினாள், மேடை நுனியில் கால் ஆடியது. ஜியாரோங் ஓடி வந்து இடுப்பைப் பிடித்துவிட்டான்.

“விடு.”

“அக்கா, விழப் போறே!”

“விடு, நான் இறங்கறேன்.”

இறங்கினாள். அது ஏறியதை விட மோசமாக இருந்தது. கீழே வந்ததும் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

டிங் பெருமூச்சு விட்டார். “சரிம்மா. நாங்களும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டோம். இந்த வருஷம் தம்பியே…”

“ஆ-கூன் அண்ணே” என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. “இந்தப் படியை ஏன் இவ்வளவு உயரமா வச்சீங்க?”

“இது நான் வச்ச அளவில்லம்மா, நாடா வச்ச அளவு” என்று ஆ-கூன் இடுப்பிலிருந்து தன் ராசி அளவுநாடாவை இழுத்துக் காட்டினார். எங்கள் ஊரில் தச்சர் எல்லோரிடமும் இருக்கும். எண்களுக்குப் பக்கத்தில் எழுத்துகள் போட்டிருக்கும். சிவப்பில் விழுந்தால் நல்லது, கறுப்பில் விழுந்தால் ஆகாது. சாமி மேஜை, வாசல்நிலை, கட்டில் எல்லாம் சிவப்பில்தான் முடியும். “இதோ பாரு. தாழ்வா வச்சா ‘நோய்’. அதுக்கு மேல ‘பிரிவு’. ரெண்டும் கறுப்பு. இதைத் தாண்டி வந்தா ‘நேர்மை’. அப்புறம் ‘பதவி’. நீ தலைவியா ஆயிருக்கே, அதனாலதான் ‘பதவி’யிலேயே நிறுத்தினேன். மனசு வச்சுப் பண்ணது.”

அவள் நாடாவை வாங்கிப் பார்த்தாள். சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது.

“அண்ணே, ஒரு உதவி. அத்தை கடைக்குப் பின்னால பீர்ப் பெட்டி காலியா இருக்கும். எடுத்து இங்க அடுக்குங்களேன்.”

“எதுக்கு?”

“அடுக்குங்க. உங்க முட்டி வரைக்கும்.”

அடுக்கினார். அதற்குப் பின்னால், அடுத்த படியாக, இன்னும் அவ்வளவு உயரத்துக்கு ஒரு வரிசை. மூன்று பத்தியைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க, சாமிக்குக் கொண்டுபோற மாதிரி. இப்ப ஏறுங்க.”

“இது எப்படி ஏற…”

“ஏறுங்க அண்ணே. ‘பதவி’தானே?”

ஆ-கூன் ஒரு காலைத் தூக்கினார். கையை ஊன்ற முடியாது, பத்தி இருக்கிறது. முனகிக்கொண்டே எம்பினார். பெட்டி ஆடியது. சாம்பல் அவர் மணிக்கட்டில் விழுந்தது. “ஐயோ!” என்று ஒரு காலில் நின்றார், வயலில் நிற்கிற கொக்கு மாதிரி. ஹுங் வந்து தாங்கிப் பிடித்தார்.

“கையை மடக்குங்க” என்றாள் சாய்லியென். “முழங்கையை நீட்டாம, அப்படியே வச்சுக்கிட்டுச் சட்டி நடுவுல செருகுங்க.”

“எட்டாதும்மா!”

“எட்டாதுல்ல?”

“எட்டாது. எட்டாது. இறக்கி விடுங்கய்யா!”

தெருவே சிரித்தது. ஆ-கூனும் வலிக்கிற மணிக்கட்டை ஊதிக்கொண்டே சிரித்தார். கீழே இறங்கியவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவளுக்கும் அவருக்கும் முகம் நேராக இருந்தது.

“இப்பச் சொல்லும்மா, எந்தப் படி ‘நோய்’ப் படி? நான் பண்ணதா, நாடா சொல்றதா?”

“நீங்களே ஏறினீங்களே, நான் எதுக்குச் சொல்லணும்?”

அவர் நாடாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “சரி. நீ சொல்லு, நான் அளக்கறேன்.”

அப்புறம் நடந்தது நல்ல வேடிக்கை. அவர் ஒரு மரத்துண்டைத் தரையில் வைப்பார். அவள் காலை வைத்துப் பார்ப்பாள். “உயரம்.” செதுக்குவார். “இன்னும்.” செதுக்குவார். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது. “இது போதும். ஏறறப்ப இடுப்பைத் திருப்ப வேண்டியதில்ல.” படி அகலமாக இருக்க வேண்டும், இரண்டு காலும் ஒரே படியில் நின்று மூச்சு வாங்குகிற அளவுக்கு. மேலே முழுசாகத் திரும்ப இடம் வேண்டும், பின்பக்கமாகவே இறங்க நேரக் கூடாது. இரண்டு பக்கமும் அவள் முழங்கை உயரத்தில் கைப்பிடி.

“மேடை எவ்வளவு உயரம்? நான் முதல்ல உன் உச்சந்தலையை எங்க தலைக்குச் சமமா வச்சுக் கணக்குப் போட்டேன்.”

“தலையால செருகப் போறதில்லையே அண்ணே. கையை வச்சுக் கணக்குப் பண்ணுங்க. விளிம்பு என் இடுப்புக்கு வரணும். நான் குனிஞ்சு எட்டணும். அப்பதான் நடு கிடைக்கும்.”

“குனிஞ்சா முன்னால விழுவியே.”

“வயித்துல தாங்குற மாதிரி முன்னால ஒரு கட்டை போடுங்க. சாஞ்சுக்குவேன். மேடை சட்டியை ஒட்டி இருக்கணும். அதோட கால் வர்ற இடத்தை வெட்டி விட்டுடுங்க.”

ஆ-கூன் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனார். ஜியாரோங் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே மண்டியிட்டுக் கோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

டிங் மட்டும் நெளிந்தார். “எல்லாம் சரி. ஆனா சாமி முன்னால படி முழுக்கக் கறுப்பு அளவு. நாளைக்குத் தெருவுல ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?”

“சாமியைக் கேட்டுடலாம்” என்றாள் சாய்லியென்.

“சம்மதம் இல்லேன்னா?”

“தம்பி செருகட்டும்.”

அவள் கட்டைகளை எடுத்துக்கொண்டு சாமி முன்னால் மண்டி போட்டாள். “தாத்தா, படி அளவு கறுப்புல வருதுன்னு மாமா பயப்படறாரு. அவர் பயப்படறது நியாயமா?” என்று கேட்டுப் போட்டாள்.

இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்.

“கேள்வி சரியில்லையாம்” என்றார் டிங். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் யோசித்தாள். “தாத்தா, என் காலுக்கு ஏத்த படியில ஏறி என் கையால ஊதுபத்தி வைக்கணும். வரட்டுமா?”

போட்டாள். ஒன்று குப்புற விழுந்தது. மற்றது மேஜைக்கு அடியில் உருண்டு போனது. எல்லோரும் குனிந்தோம். அவளுக்குக் குனிய வேண்டிய தேவையில்லை. முதலில் பார்த்தவள் அவள்தான்.

“மல்லாக்க!”

*

நிலாப் பண்டிகையன்று காலையிலேயே தெரு நிறைந்துவிட்டது. பன்றித்தலை, கோழி, மீன், பம்பளிமாஸ் பழம், அவளுடைய ஆமைக் கொழுக்கட்டை மலை போல. புதுப் படிக்கட்டு சிவப்புச் சாயம் காயாத வாசனையோடு சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கிருந்தோ வந்த இரண்டு பையன்கள் அவளைக் கண்டதும் போனைத் தூக்கினார்கள். நான் கையில் கரண்டியோடு போனேன்.

“யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?”

“அழகா இருக்காங்க பாட்டி, அதான்…”

“அழகா இருக்கான்னா அவகிட்டச் சொல்லுங்க. நாற்பத்தாறு வயசுப் பொம்பளைக்கு அழகா இருக்கேன்னு சொன்னா பிடிக்கும். சொல்லிட்டு, எடுக்கலாமான்னு கேளுங்க.”

ஒருவன் நிஜமாகவே போய்க் கேட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, “பூஜை முடிஞ்சதும் எடு. இப்ப முடி கலைஞ்சிருக்கு” என்றாள்.

டிங் வந்தார். வழக்கமாக அவள் தலைக்கு மேல் நின்று பேசுவார். அன்று பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, “தலைவி, ஆரம்பிக்கலாமா?” என்றார்.

“ஆரம்பிங்க மாமா.”

மின்மேளம் தடதடக்க, கூட்டம் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது. சாய்லியென் மூன்று பத்தியைக் கொளுத்தினாள். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியைப் பற்றினாள். முதல் படி. நின்றாள். அடுத்தது. ஜியாரோங் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி.

அவள் திரும்பாமலே சொன்னாள். “கையை இறக்கு.”

“நான் சும்மா…”

“இறக்குடா. எல்லாரும் உன்னைத்தான் பார்க்கறாங்க.”

அவன் கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டான். ஆனால் பின்னால் நெருக்குகிற கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்துத் தடுத்து நின்றான். அதை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேலே போய்விட்டாள். இரண்டு கையாலும் பத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்தி, சாமியைப் பார்த்து மூன்று தடவை வணங்கினாள். வயிற்றை முன்கட்டையில் சாய்த்தாள். குனிந்தாள். அந்த வெண்கலச் சட்டியின் உட்புறத்தை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் பத்தியைச் செருகாமல் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகினாள். நட்ட நடுவில். மூன்றும் நேராக நின்றன. புகை மேலே போனது.

ஆ-கூன்தான் முதலில் கத்தினார், “நின்னுடுச்சு!” என்று. தன் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி. தெரு முழுக்கப் பட்டாசு வெடித்தது. ஹுங் எதற்கோ அழுதுகொண்டிருந்தார்.

அவள் மேடையில் நிதானமாக ஒரு சுற்றுத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். எத்தனை தலைகள்! முகமெல்லாம் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“டிங் மாமா!” என்று பட்டாசுச் சத்தத்துக்கு மேலே கூவினாள்.

“என்ன தலைவி?”

“உங்களுக்கு உச்சியில வழுக்கை விழுந்திருக்கே! இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல!”

டிங் சட்டென்று தலையில் கை வைத்தார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி, “நான் சொன்னப்ப நம்பினாரா!” என்று கத்தினாள்.

“சரி, சரி, சிரிச்சது போதும்” என்றாள் சாய்லியென் மேலேயிருந்து. “வரிசையா வாங்க, நெருக்காதீங்க. ஹுங் அண்ணே, பன்றித்தலை கோணலா இருக்கு, சாமியைப் பார்த்து வைங்க. ஜியாரோங், கையை வெளிய எடு, அந்தக் கொழுக்கட்டைத் தட்டை இந்தப் பக்கம் கொண்டா. மத்தியானம் விருந்துல என் பக்கத்து இடம் யாருக்கு வேணும்?”

“எனக்கு!” என்று குழந்தைகள் மேஜைக்காரர்கள் அத்தனை பேரும் கத்தினார்கள்.